மூன்றாவது வரிசைக் குரல்

1.

இந்தக் கதை எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கிடைத்தது. காஞ்சிபுரம் மூங்கில் மண்டபத்துக்குப் பக்கத்து மாடி அரங்கில், ஞாயிறு மாலை ஆறு மணிக்கு, சிம்ரன் என்ற பெண் மைக்கைப் பிடித்து ஊரைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஒருவன் குறுக்கே பேசினான். அவ்வளவுதான். இதை எழுத நான்கு மாதம் ஏன் ஆனது என்று கடைசியில் சொல்கிறேன், தைரியம் வந்தால்.

முதல் தொடக்கம்: "குடித்துவிட்டு வந்திருந்த அந்த ஆள்..."

இல்லை. அவன் குடிக்கவில்லை. ஒரு டீ, இரண்டு மெதுவடை. குடிகாரனாக்கிவிட்டால் எழுதுகிறவனுக்கு வேலை மிச்சம், அதனால் கை அங்கே போய்விட்டது.

2.

சிம்ரன் காஞ்சிபுரத்தை ஒட்டிய கூரத்துப் பெண், வயது இருபத்தாறு. அன்று அவளுடைய கவலையெல்லாம் கடைசி வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தது. அவர் பெயர் வசந்த். பத்து ஊர்களுக்குப் போகும் நகைச்சுவை நிகழ்ச்சிக்கு ஆள் எடுக்கிறவர். அதற்கு முந்தின மாதம் சென்னையில், குறுக்கே பேசிய ஒருவரின் வழுக்கையை வைத்து அவள் கிழிகிழியென்று கிழித்திருந்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அவர் பக்கத்திலிருந்த மகள் தலையைக் குனிந்துகொண்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு ஒரு ஜோக்கும் எடுபடவில்லை.

"கூட்டம் உன்னப் பாத்து பயந்துடுச்சும்மா. இன்னொரு வாட்டி பாக்கறேன்," என்றிருந்தார் வசந்த். அந்த இன்னொரு வாட்டிதான் இது.

3.

"பஸ் ஸ்டாண்டுல இறங்கறேன். ஆட்டோ அண்ணன் ஓடி வந்து, 'மேடம், பட்டு எடுக்கலாமா?'ன்றாரு."

"எடுத்தியா?" மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல்.

சிம்ரன் சிரித்துவிட்டுத் தொடர்ந்தாள். முதல் தடவையைக் கண்டுகொள்ளக் கூடாது. பாதிப் பேர் அதோடு அடங்கிவிடுவார்கள்.

"அண்ணா, நான் இந்த ஊருதான், வீட்ல விடுங்கன்றேன். வண்டி போய்க்கினே இருக்குது..."

"கடைசில துணிக்கடை வாசல்லதான நிறுத்தினான்!"

அது அவளுடைய ஜோக்கின் கடைசி வரி. மூன்று வாரம் தேய்த்துத் தேய்த்து எழுதியது. கூட்டம் அவனுக்குச் சிரித்தது.

[இங்கே அவளுக்கு அழுகை வந்தது என்று எழுதி, அடித்துவிட்டேன். அவளுக்கு வந்தது வழுக்கை ஜோக். இவனுக்கும் வழுக்கைதான்.]

"பின்னாடி கேட்டுச்சா? 'துணிக்கடை வாசல்லதான நிறுத்தினான்'ன்றாரு."

குறுக்கே பேசியதை மைக்கில் திரும்பச் சொல்வது தொழில் நுணுக்கம். கடைசி வரிசைக்கும் அது கேட்டிருந்தால்தான் பதிலுக்குச் சிரிப்பு விழும். யோசிக்க நாலு நொடியும் கிடைக்கும். அடுத்தது பேரும் ஊரும் கேட்பது. பதிலிலேயே சரக்கு இருக்கும்.

"உங்க பேரு, ஊருண்ணா?"

"தேவேந்திரன். தாமல்."

"தாமலா! உங்க ஊரு ஏரி கூட வருசத்துல ஒரு வாட்டிதான்ணா ரொம்பி வழியும்."

அரங்கு அதிர்ந்தது. அவனும் தொடையைத் தட்டிச் சிரித்தான். அவள் தொட்டது அவன் வாயை மட்டும். செய்த குறும்புக்கு அந்த அளவே போதும்.

"என்ன வேலைண்ணா?"

"கணக்கு வாத்தியாரு. லீவுல தெருக்கூத்துல பின்பாட்டு. கட்டியங்காரன் தமாஷ் பண்ணா, பின்னாலருந்து 'அப்புறம்?'னு கேட்டுக்கினே இருக்கணும். இல்லன்னா அவன் தனியா மாட்டிக்குவான். நீ தனியா நின்னுக்கினு இருந்தியாம்மா, அதான்..."

இவன் கெடுக்க வரவில்லை, காப்பாற்ற வந்திருக்கிறான்! சிம்ரனுக்கு அவன்மேல் பாசமே வந்துவிட்டது.

"அண்ணா, நான் தனியா மாட்டிக்கறதப் பாக்கத்தான் இவங்க டிக்கெட் வாங்கினு வந்துருக்காங்க! கை தட்டுங்கப்பா, தாமல்லருந்து ஆம்புலன்ஸ் வந்துருக்குது!" கைதட்டல் அடங்கியதும், "ஒண்ணு பண்ணலாம்ணா. நான் கைய நீட்டினா மட்டும் 'அப்புறம்?' கேளுங்க. மத்த நேரம் மதகு மூடியிருக்கணும்," என்றாள்.

அவள் ஆட்டோக் கதைக்குத் திரும்பினாள். நான்கு தடவை கையை நீட்டினாள். நான்கு தடவையும் அவன் சரியாகக் கேட்டான். ஐந்தாவது தடவை அரங்கமே "அப்புறம்?" என்றது. வசந்தின் கைகள் எப்போது அவிழ்ந்தன என்று யாரும் பார்க்கவில்லை.

4.

முடிவு ஒன்று: நிகழ்ச்சி முடிந்து தேவேந்திரன் மன்னிப்புக் கேட்கப் போனான். அவள் கண்கலங்கி...

கலங்கவில்லை. அவன் போகவும் இல்லை. வெட்கம்.

முடிவு இரண்டு எழுத வேண்டுமென்றால் உண்மையைச் சொல்லியாக வேண்டும். மூன்றாவது வரிசை நான்தான். பேரை மாற்றினேன், தலையை மாற்ற மனசு வரவில்லை. அன்று அவள் பார்வை என் வழுக்கை வரை ஏறி, ஒரு நொடி நின்று, கீழே இறங்கிவிட்டது. ஏன் இறங்கியது என்று மாடிப்படியில் வசந்த் சென்னை விஷயத்தைச் சொன்னபோதுதான் புரிந்தது. இறங்கி வந்த அந்தப் பார்வைக்கு நன்றி சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

"சார், அந்தப் பொண்ணை எடுத்துட்டீங்களா?" என்று வசந்திடம் கேட்டேன். அவர் பதிலும் சொன்னார்.

அதை எழுத மாட்டேன். அது அவளுடைய கடைசி வரி. ஒரு தடவை பிடுங்கியது போதும். அடுத்த முறை அவள் மைக் பிடிக்கும்போது போய் உட்காருங்கள். அவள் கையை நீட்டும்வரை பொறுத்திருந்து, நீங்களே கேளுங்கள்.