முதல் பக்கத்துக்கு ஒரு படம்

பிரேமிளா சொன்னால் சொன்னதுதான். மாநகர சபையில் இருபது வருடம் கிளார்க்காக இருப்பவள். கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். கண்டி மஹய்யாவ வீட்டில் தம்பி பிரதீஸ் அவள் கிழித்த கோட்டைத் தாண்டியதில்லை. தம்பி பெண்டாட்டி நிஷாந்தியும் தாண்டியதில்லை என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

குழந்தை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே சட்டம் போட்டாள். “முப்பத்தொன்னாம் நாள் கழியாம யாரும் போட்டோ எடுக்கப்படாது. புள்ளைக்கு ஆயுசு கொறையும்.” நிஷாந்தி தலையாட்டினாள். இருபத்திரண்டாம் நாள் காலை மூச்சடைத்து அவளே போய்விட்டாள். தாயும் பிள்ளையும் சேர்ந்திருக்க ஒரு படம்கூட மிஞ்சவில்லை.

இப்போது குழந்தை தியாஷினிக்கு ஒரு வயதாகப் போகிறது. பிரேமிளாவைக் கண்டால் “ம்மா” என்று கையை நீட்டுகிறது. அந்தச் சொல் இனிக்கவும் செய்தது, சுடவும் செய்தது. திருடிய பொருளை வைத்திருப்பதுபோல் கூசியது. பெற்றவள் யாரென்று பிள்ளைக்குக் காட்ட ஒரு ஆல்பம் செய்ய வேண்டும், அதன் முதல் பக்கத்தில் நிஷாந்தி பிள்ளையோடு இருக்க வேண்டும். பிரேமிளா கேட்டது அவ்வளவுதான்.

கண்டி டவுனில் ஆல்பம் செய்யும் கடையொன்றில், கெலிஓயாவிலிருந்து வேலைக்கு வரும் சப்னாதான் டிசைன் செய்தாள். தொள்ளாயிரம் படத்தில் எண்பதைப் பொறுக்கி, மாதம் மாதமாக அடுக்கியிருந்தாள். குப்புற விழுந்தது, சோறூட்டியது, தவழ்ந்துபோய் செருப்பைக் கடித்தது எல்லாம் இருந்தன. எந்த முகமும் நடு மடிப்புக்குள் விழாமல் பார்த்திருந்தாள். மிச்சம் முதல் பக்கம் மட்டும்தான்.

அதற்கு, வளைகாப்புப் படத்திலிருந்து நிஷாந்தியை வெட்டியெடுத்து, மூன்று மாதக் குழந்தையின் படத்தை அவள் மடியில் ஒட்டியிருந்தாள். பிரேமிளா குனிந்து பார்த்தாள். நிஷாந்தி கெமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“புள்ளையப் பாக்காம எங்கயோ பாக்குறாளே தங்கச்சி.”

“அந்தப் படத்துல அப்படித்தான் இருக்காங்க அக்கா. வெளிச்சமும் ஒத்து வரல்ல. குனிஞ்சு பாக்குற மாதிரி வேற படம் இருக்கா? வட்ஸ்அப்ல வந்தது வேணாம், பெரிசாக்கினா உடஞ்சிரும். அவங்கட போனையே கொண்டு வாங்களேன்.”

பிரதீஸ் அந்தப் போனை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியவன், பிறகு தொடவில்லை. பிரேமிளா கேட்டதும் சாவியையும், போனைத் திறக்கும் நம்பரையும் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டான்.

மறுநாள் சப்னா போனைச் சார்ஜில் போட்டு, படங்களைத் தன் கம்ப்யூட்டருக்கு மாற்றித் திகதிப்படி அடுக்கினாள். கடைசியாக எடுத்தது மேலே வந்து நின்றது. சப்னா திகதியைப் பார்த்தாள்.

“அக்கா, புள்ள பொறந்து ஒம்பதாம் நாள் எடுத்திருக்காங்க.”

பிரேமிளா திரைக்குக் கிட்டக் குனிந்தாள். சப்னா படத்தைத் திறந்தாள்.

வீட்டுக் கதிரையில் பிரேமிளா வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். நெஞ்சின்மேல் ஒன்பது நாள் குழந்தை. அதன் தலையை அவள் உள்ளங்கை மூடியிருந்தது. எட்டு இரவு பிள்ளையோடு கண்விழித்துவிட்டு அன்று அசந்துபோனது அவளுக்கு ஞாபகம் வந்தது.

நிஷாந்தி தன்னையும் பிள்ளையையும் எடுத்திருக்கலாம். யார் தடுக்கப் போகிறார்கள், தடுக்கிறவள்தான் தூங்குகிறாளே! ஏச்சு விழும் என்று தெரிந்தே திருட்டுத்தனமாக எடுத்த ஒரே படத்தையும் நாத்தனாருக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். பைத்தியக்காரி. பிரேமிளா கடை என்றும் பார்க்காமல் வாய்விட்டு அழுதாள்.

சப்னா தண்ணீர் கொடுத்தாள். கொஞ்சம் பொறுத்து, “இதுல அவங்களப் பக்கத்துல நிக்க வைக்கவா அக்கா?” என்றாள்.

“வேணாம். அவ அங்கதான் நிக்கிறா. போனப் புடிச்சுக்கிட்டு, புள்ளையத்தான் பாத்துக்கிட்டு நிக்கிறா.”

சேர்த்து ஒட்டிய படத்தைச் சப்னா எடுத்துவிட்டாள். வளைகாப்புப் படத்தை உள்ளபடியே இடது பக்கத்தில் வைத்தாள், கதிரைப் படத்தை வலது பக்கம் முழுக்க விரித்தாள். கீழே என்ன எழுதுவது என்று கேட்டாள்.

பிரேமிளா ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள். ஒரு சொல்லை எழுதும்போது மட்டும் பேனா சற்று நின்றது. ‘ஒன்பதாம் நாள். அத்தையின் நெஞ்சில் நான். படம் எடுத்தது என் அம்மா.’

மாலையில் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் தியாஷினி தவழ்ந்து வந்து அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு எழுந்தது.

“ம்மா.”

எத்தனையோ நாள் அந்தச் சொல்லுக்கு “என்னடா” என்று கேட்டுத் தூக்கியவள்தான். இன்று பிள்ளையின் முகத்துக்கு நேரே உட்கார்ந்தாள்.

“அத்தைடா தங்கம்” என்றாள். “சொல்லு, அத்தை.”

பிள்ளை சிரித்தது. “ம்மா” என்றது.