வாளியில் டெட்டால்

கணவர் செல்வினை அடக்கம் செய்துவிட்டு வந்து முகம் கழுவியபோதுதான் குளியலறைத் தண்ணீர் நாறுவது ஃப்ளோராவுக்குத் தெரிந்தது. மறுநாள் செல்வினின் தம்பி அலன் மாடியேறித் தொட்டி மூடியைத் திறந்தான். பின்னாலேயே போய் அவளும் எட்டிப் பார்த்தாள். உள்ளே ஒரு எலி செத்து மிதந்தது.

“இப்பத்தான் விழுந்திருக்கும், அண்ணி.”

கையுறை போட்டு அவன் தூக்கியபோது, ஊதிப்போன உடம்பிலிருந்து முடி கொத்தாகக் கழன்று தண்ணீரில் பரவியது. அது விழுந்து நாளாகிவிட்டது என்று அவளுக்குச் சொல்லவா வேண்டும்?

படுக்கையில் கிடந்த செல்வினை ஈரத்துணியால் துடைத்துவிடும்போதெல்லாம், “தண்ணி நாறுது ஃப்ளோரா” என்பார். “மருந்து உங்க மூக்கைக் கெடுத்திருச்சு, சும்மா இருங்க!” என்று எரிந்து விழுவாள். அவர் படுத்ததிலிருந்து வீட்டில் எல்லா வாளியிலும் டெட்டால். அவளுக்கு டெட்டால்தான் மணத்தது.

அலன் தொட்டியைக் காலி செய்து, அடியில் படிந்த சேற்றை வழித்து, சுவரையெல்லாம் தேய்த்துக் கழுவினான். புதுத் தண்ணீர் நிரப்பி ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்து விட்டுவிட்டுக் குரல் கொடுத்தான்.

“குழாயைத் திறந்துவிடுங்க அண்ணி! ப்ளீச்சிங் வாசம் வந்ததும் மூடிருங்க. குழாய்க்குள்ளேயும் ராத்திரி முழுக்க நிக்கட்டும், காலையில எல்லாத்தையும் கொட்டிரலாம்.”

கீழே ஃப்ளோரா குளியலறைக் குழாயைத் திறந்தாள். வாசம் வந்தது. அவள் மூடவில்லை. பெட்டியில் வைக்குமுன் அவரைக் குளிப்பாட்டியதும் இந்தக் குழாய்த் தண்ணீரில்தான்.

“வாசம் வருதா, அண்ணி?”

“ஆமாங்க, நாறுது” என்றாள் ஃப்ளோரா, செல்வினிடம்.