பல்லுதான் பட்டுச்சு

"நாய் கடிக்கல சிஸ்டர், பல்லுதான் பட்டுச்சு," என்று தபால்காரர் கணுக்காலில் ரத்தம் கசிந்த சின்னக் கீறலைக் காட்டினார்.

நர்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தோல் கிழிஞ்சிருக்கு. அதுக்குப் பேர்தான் கடி."

சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவச் சொல்லிக் குழாயடியில் நிறுத்தினாள். இரண்டே நிமிடத்தில் அவர் குழாயை மூடினார். அவள் மறுபடி திறந்துவிட்டாள்.

"எங்க தெரு நாய்தான். பத்து நாள் அதைப் பாத்துட்டு ஊசி போட்டுக்கறேனே."

"வெறிநோய் தலைகாட்டிட்டா எந்த ஊசியும் காப்பாத்தாது. இன்னைக்கே ஆரம்பிக்கணும்."

"இத்தனூண்டு கீறலுக்கு இவ்வளவு அமர்க்களமா? காலையில என் பொண்ணும்தான் அதோட விளையாடினா. அவளுக்கு ஒண்ணும் ஆகலையே."

நர்ஸ் நிமிர்ந்தாள். "அவளைக் கடிச்சுதா?"

"சேச்சே. பல்லுதான் பட்டுச்சு."