புகார் கொடுத்தவன் கதை

எண்ணூர் நெடுஞ்சாலையில் சைக்கிளில் போன ஐரீனின் புருஷன் லாரி மோதிச் செத்துப்போனான். இன்சூரன்ஸில் நஷ்ட ஈடு கேட்க முதல் தகவல் அறிக்கையின் நகல் வேண்டும் என்றார் வக்கீல். அண்ணன் அருள்பிரகாசம் தங்கையை ஸ்டேஷனுக்கு அழைத்து வந்தான். போலீஸைக் கண்டாலே அவன் வேறு தெருவில் திரும்பிவிடுவான்.

“புகார் குடுத்தவனுக்குத்தான் இலவச நகல். மத்தவங்க கோர்ட்டுல மனு போட்டு வாங்கிக்கணும்,” என்றார் ரைட்டர்.

“புகார் குடுத்தது யாரு சார்?” என்று கேட்டாள் ஐரீன்.

“லாரி டிரைவர்தான். மோதின கையோட ஓடியாந்துட்டான், பொறுப்பான ஆளு. சைக்கிள்காரன் திடீர்னு குறுக்க பூந்துட்டான்னு சொல்லிக்கீறான்.”

“பொய் சார்! அண்ணே, லாரி ராங் சைடுல வந்துச்சுன்னு நீ பாத்தியே, சொல்லுண்ணே!”

அருள்பிரகாசம் தங்கைக்குப் பின்னால் நகர்ந்தான். ரைட்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீயா? பிண விசாரணைல, ஒண்ணும் பாக்கலன்னு கையெழுத்துப் போட்டவன்தானே நீ?”

சாட்சி சொன்னால் கோர்ட்டுக்கு அலையவேண்டும் என்று, போலீஸ் விசாரிக்க வந்த அன்று அவர்கள் குப்பமே கதவைச் சாத்திக்கொண்டது. கதவைச் சாத்தச் சொல்லி வீடு வீடாகப் போனவன் அருள்பிரகாசம்தான்.

 ஐரீன் அண்ணனைப் பார்க்காமல் ரைட்டரிடம் கேட்டாள்.

“கோர்ட்டுல வாங்கினாலும் டிரைவரு சொன்னதுதானே சார் அதுல இருக்கும்?”

“ஆமாம்மா. ஆனா கவலைப்படாத, சீல் போட்டுத் தருவாங்க,” என்றார் ரைட்டர் அன்பாக.