கடைசி நான்கு நாள்

"மாசக் கடைசியில நாலு நாளா எங்கம்மா ஊர் சுத்தப் போனே?" என்று தலைமையாசிரியை அதட்டினார்.

"வந்தேன் மிஸ்," என்றாள் ஏழாம் வகுப்புப் பெண். யாரும் நம்பவில்லை.

பக்கத்து மேஜையில் இருந்த குமாஸ்தாவுக்குச் சுருக்கென்றது. நேற்றுத்தான் மாதத்தின் கடைசி நாள். நேற்று சாக்பீஸ் கேட்டு வந்தவள் இவள்தானே?

அலுப்போடு வருகைப் பதிவின் பிடிஎஃப்பைத் திறந்தார். இடப்பக்கம் பெயர்கள், மேலே தேதிகள். வந்த நாளுக்கு டிக், வராத நாளுக்கு வெறும் கட்டம். அதை அவர் அப்படியே காப்பி செய்து, தலைமையாசிரியை பார்க்கும் கணினி அட்டவணையில் ஒட்டியிருந்தார். காப்பியில் வெறும் கட்டம் வராது. டிக்குகள் எல்லாம் இடப்பக்கம் நெருக்கிக்கொண்டு வர, எல்லாப் பிள்ளைகளின் லீவும் மாதக் கடைசிக்குப் போய்விட்டது. மொத்தக் கணக்கு மட்டும் சரியாக இருந்ததால் ஒருவரும் சந்தேகப்படவில்லை. பாழாய்ப்போன வேலை!

ஒவ்வொரு டிக்கும் எந்தத் தேதிக்கு நேர் கீழே நிற்கிறது என்று பார்த்து, ஆளுக்கு, நாளுக்கு ஒரு வரியாக மறுபடி ஏற்றினார். நாற்பது பேர், இருபது நாள், எண்ணூறு வரி. கண் பூத்துப்போனது.

அவளுடைய நான்கு வெறும் கட்டங்களும் திங்கட்கிழமைகளில் நின்றன. நான்கு வாரமும்.

தலைமையாசிரியை திரையையே பார்த்தார். "வாராவாரம் திங்கக்கிழமை வரலையா? ஏன்னு நாம அவளைக் கேக்கவே இல்லையே?"

"கேட்டோம் மேடம்," என்றார் குமாஸ்தா. "அவ வந்த நாளைப் பத்திக் கேட்டோம்."