மீதி எம்புட்டு வந்தாலும்

அந்தச் சீட்டை எழுதியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் எது கெட்டாலும் பழியைப் போட ஆள் தேடுவார்கள். இதற்கு யாரையும் தேட வேண்டியதில்லை.

என் தம்பி பாண்டிராஜ் அப்போது ஐந்தாம் வகுப்பு. எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் அதோடு சரி. ஆறாம் வகுப்புக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். அப்பா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: “சூலக்கரைப் பக்கம் தங்கிப் படிக்கிற பள்ளிக்கூடம் ஒண்ணு இருக்காம்லா, சோறும் துணியும் அவுகளே குடுக்காகளாம். பரீச்சை எழுதி அதுல எடம் பிடிச்சான்னா போகட்டும். இல்லன்னா அஞ்சோட போதும். ஆத்தாகூட உக்காந்து குழாய் உருட்டட்டும்.”

குழாய் என்றால் வெடிக்கு உள்ள காகிதக் குழாய். கம்பெனியிலிருந்து காகிதம் வீட்டுக்கு வரும். அம்மா வேலுத்தாய் காலையிலிருந்து பசை தடவி உருட்டிக்கொண்டே இருப்பாள். அவள் விரல் நுனியில் ரேகையே இல்லை. பாண்டிராஜுக்கு அந்த விரல் வந்துவிடக் கூடாது என்று எனக்கு ஒரு வெறி. ஏனென்றால் நானும் எட்டாம் வகுப்பு வரை கணக்கில் முதல் ஆள். அப்பா கையில் வெடிமருந்து பட்டு வெந்த வருஷம் என்னை நிறுத்தினார்கள். நாரணாபுரத்தில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போனேன். நான் தொலைத்ததை இவனாவது எடுக்கட்டும் என்று நினைத்தேன். எல்லா அக்காக்களும் நினைப்பதுதான், பெரிய தியாகம் ஒன்றும் இல்லை.

அது 2006. தேர்தல் ஆர்டர் குவிந்து கிடந்தது. எந்தக் கட்சி ஜெயித்தாலும் வெடி வேண்டும், ஜெயிப்பதற்கு முன்னாலேயே வேண்டும். கம்பெனி வேன் விடிந்ததும் வந்து நிற்கும். நான் திரும்பி வரும்போது அவன் சாப்பிட்டுத் தூங்கியிருப்பான். ஞாயிற்றுக்கிழமையும் வேலை. அதனால் அவனுக்கும் எனக்கும் பேச்சு எல்லாம் அவன் கணக்கு நோட்டில்தான். அவன் போட்டு வைப்பான், நான் பார்த்து எழுதி வைப்பேன்.

அவனுக்கு வகுத்தல்தான் உதைத்தது. நீள வகுத்தல் என்றால் பயம். போட்டுவிட்டு அழிப்பான், திரும்பப் போடுவான், திரும்ப அழிப்பான். ஒருநாள் நோட்டைத் திறந்தால் தாள் ஓட்டை விழுந்து கிடக்கிறது. 877 வகுத்தல் 24. ஈவு 36, மீதி 13 என்று சரியாகத்தான் போட்டிருக்கிறான். அதை அழித்துவிட்டு 37 என்று போட்டு, கழிக்க முடியாமல் முழித்து, கீழே எழுதியிருந்தான்: “மீதி ரொம்பப் பெருசா வருதுக்கா. தப்பா இருக்கும்போல.”

எனக்கு ஆத்திரமாக வந்தது. சரியான விடையை அழிக்கிறவனைப் பார்த்தால் யாருக்கும் வரும். மறுநாள் அந்த நோட்டைக் கம்பெனிக்கே எடுத்துக்கொண்டு போனேன். வேலை முடியும் மணி அடித்ததும், வேன் வரும் வரை சும்மா இருக்கிற நேரத்தில், பழுதான லேபிள் தாள் ஒன்றின் பின்பக்கம் எழுதினேன்.

“பாண்டி, பயப்படாதே. வகுத்துப் போட்ட கணக்கு சரியா தப்பா என்று உனக்கு நீயே பார்த்துக்கொள்ளலாம். ஈவை வகுக்கும் எண்ணால் பெருக்கு. வந்ததோடு மீதியைக் கூட்டு. முதலில் கொடுத்த எண் வந்துவிட்டால் கணக்கு சரி. பார்: 36 × 24 = 864. 864 + 13 = 877. சரியா? மீதியைக் கூட்ட மறக்காதே. மீதி எம்புட்டு வந்தாலும் பரவாயில்லை. பெருக்கிக் கூட்டி, எண் வந்துவிட்டால் அழிக்காதே. அழித்தாய் என்றால் வந்து தோலை உரிப்பேன்.”

எழுதும்போது என் முன்னால் ஷெட்டுச் சுவர் இருந்தது. அதில் ஃபோர்மன் அன்றைய கணக்கைச் சுண்ணாம்புக்கட்டியால் எழுதியிருந்தார். பெட்டி 58, மீதி 43. பெட்டிக்கு இருபத்தைந்து பாக்கெட்தான். நாற்பத்து மூன்றில் இன்னொரு பெட்டி கட்டலாம். ஆனால் லாரியில் லோடு ஏறத் தொடங்கிவிட்டால் புதுப் பெட்டி கட்டக் கூடாது, பெட்டி ஒட்டுகிற ஆட்கள் எல்லோரும் லோடுக்குப் போய்விடுவார்கள். அதனால் தரையில் கிடப்பது முழுக்க மீதி. இரண்டு வருஷமாக இந்தச் சுவரைத்தான் பார்க்கிறேன். மீதி 7 என்றும் இருக்கும், மீதி 60 என்றும் இருக்கும். அதில் தப்பு இருக்கிறதாக என் கண்ணுக்குப் படவே இல்லை. எட்டாவது வரை படித்த மூளையை இரண்டு வருஷ பேக்கிங் தின்றுவிட்டது.

சீட்டு வேலை செய்தது. அதுதான் கொடுமை. பாண்டி அழிப்பதையே விட்டுவிட்டான். ஒவ்வொரு கணக்குக்குப் பக்கத்திலும் ஒரு கோடு போட்டு, பெருக்கி, கூட்டி, கீழே ‘சரி’ என்று எழுதி ஒரு டிக் அடிப்பான். நான் தூக்கக் கலக்கத்தில் அந்த டிக்குகளை மட்டும் பார்த்துவிட்டு ‘நன்று’ என்று எழுதுவேன். கணக்கைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

பரீச்சை எழுதிவிட்டு வந்த அன்றைக்கு அவன் முழித்திருந்தான். என் கையைப் பிடித்துக் குதித்தான்.

“வகுத்தல் அஞ்சு கேட்டாகக்கா. அஞ்சையும் பெருக்கிப் பாத்துட்டேன். அஞ்சும் சரி!”

“அழிச்சியாலே?”

“ஒண்ணுகூட அழிக்கல.”

அம்மா அன்றைக்கு அவனுக்கு முட்டை பொரித்துக் கொடுத்தாள். எனக்கும் அரை முட்டை கிடைத்தது.

முடிவு வந்தது. இருபது பேரை எடுத்தார்கள். பாண்டிராஜ் இருபத்து மூன்றாவது ஆள். மூன்று மார்க் குறைவு.

எனக்குத் தலையில் ஏறிவிட்டது. அஞ்சும் சரியென்று பிள்ளை பார்த்துவிட்டு வந்திருக்கிறான், பிறகு எப்படிக் குறையும்? வசதியானவன் பிள்ளை எவனையோ நடுவில் சொருகிவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன். கம்பெனிக்கு மட்டம் போட்டுவிட்டு, அந்தப் பள்ளிக்கூடத்துக்கு பஸ் ஏறிப் போனேன். வழியெல்லாம் என்ன கேட்க வேண்டும் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். ஒரு வக்கீலே தோற்றுப்போவார், அவ்வளவு பேச்சு வைத்திருந்தேன்.

அங்கே கணக்கு வாத்தியார் சரவணக்குமார் என்று ஒருவர். இளவட்டம். நான் போட்ட சத்தத்துக்கு வெளியே போ என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாற்காலியில் உட்காரச் சொல்லி, விடைத்தாள் கட்டிலிருந்து பாண்டியின் தாளை உருவி என் முன்னால் வைத்தார்.

அவன் கையெழுத்து. அழித்த தடம் ஒன்றுகூட இல்லை. ஐந்து வகுத்தலில் மூன்றுக்குச் சிவப்புப் பேனாவில் பெருக்கல் குறி.

“777 வகுத்தல் 18” என்று விரல் வைத்தார். “ஈவு 42, மீதி 21னு போட்டிருக்கான்.”

பக்கத்தில் கோடு போட்டு அவன் சரிபார்த்திருந்தான். 42 × 18 = 756. 756 + 21 = 777. சரி. டிக்.

“வருதுல்ல சார்? பெருக்கிக் கூட்டுனா எழுநூத்தி எழுபத்தேழு வருதுல்ல? அப்புறம் எதுக்கு சார் தப்பு போட்டீக?”

“வரும்மா. ஆனா மீதி இருபத்தொண்ணு. அதுக்குள்ள இன்னொரு பதினெட்டு இருக்கே. அதையும் எடுத்தா ஈவு 43, மீதி 3. பெருக்கிக் கூட்டுறது மட்டும் பத்தாது. மீதி, வகுக்குற எண்ணவிடச் சின்னதா இருக்கணும். ரெண்டும் பாக்கணும்.”

அவர் அடுத்ததைக் காட்டினார். 2135 வகுத்தல் 32. ஈவு 65, மீதி 55. பக்கத்தில் 2080 + 55 = 2135. சரி. டிக். ஐம்பத்தைந்துக்குள் ஒரு முப்பத்திரண்டு உட்கார்ந்திருப்பது இப்போது எனக்கு நன்றாகத் தெரிந்தது. 66, மீதி 23. வாயால் சொல்லாமலே போட்டுவிட்டேன். மூன்றாவதும் அதே கதைதான்.

“மூணும் ஒரே தப்பு” என்றார். “கூட்டல் பெருக்கல்ல ஒரு பிசகு இல்ல. இம்புட்டு சுத்தமா சரிபாக்குற பையன நான் பாத்ததில்ல. ஒரு மட்டம் கண்ணு மீதி மேல போயிருந்தா ஆறு மார்க். யாரு இவனுக்குச் சொல்லிக் குடுத்தது?”

“ஊர் வாத்தியாரு” என்றேன்.

அந்தப் பொய் அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது. அவர் தலையை ஆட்டிக்கொண்டார். நான் வெளியே வந்து, பஸ் ஸ்டாப்பில் நின்று, வந்த இரண்டு பஸ்ஸையும் விட்டேன். முதலாளியைத் திட்ட முடியவில்லை, வசதியானவனைத் திட்ட முடியவில்லை. என் வாழ்க்கையில் முதல்முறையாகத் திட்ட யாருமே கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது பாண்டி வாசலிலேயே நின்றான்.

“என்னக்கா சொன்னாக? கணக்கு சரிதான?”

தமிழில் மார்க் போய்விட்டது என்று சொல்லிவிடலாம் என்றுதான் வந்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. அப்படியொரு பொய் சொன்னால் இவன் வாழ்நாள் முழுக்கத் தப்பாக வகுத்துக்கொண்டிருப்பான். உட்கார வைத்து, குச்சியால் தரையில் போட்டுக் காட்டினேன். 777, 18, 42, 21.

“மீதி, வகுக்குற எண்ணவிடப் பெருசா இருக்கக் கூடாதுலே. நான் அத எழுதாம விட்டுட்டேன். தப்பு ஓம்மேல இல்ல. நாந்தான்.”

அவன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அழுவான் என்று காத்திருந்தேன்.

“எனக்குத் தெரியும்க்கா” என்றான்.

“என்னது தெரியும்?”

“வாத்தியாரு சொல்லியிருக்காரு. மீதி அதவிடச் சின்னதாத்தான் இருக்கணும்னு. மொதல்ல அதுக்குத்தான் எனக்குப் பயம், எது சின்னது எது பெருசுன்னு கொழம்பிப் போயி அழிச்சுக்கிட்டே இருந்தேன். அப்புறம் நீ எம்புட்டு வந்தாலும் பரவாயில்லன்னு எழுதுன. பரீச்சையில அம்பத்தஞ்சு வந்தப்பகூட ஒரு மாதிரி இருந்துச்சு. அழிக்கலாமான்னு பாத்தேன்.”

“அழிச்சிருக்க வேண்டியதுதானலே!”

“நீதான அழிக்காதன்ன.”

அதைக் குற்றமாகச் சொல்லவில்லை அவன். கேட்டதற்குப் பதில் சொன்னான், அவ்வளவுதான். நான் குச்சியை ஒடித்துப் போட்டேன். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வாத்தியாரைவிட அக்காவுக்குத்தான் தெரியும் என்று அவன் நம்பியதை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

அப்பா சொன்ன சொல்லை மாற்றவில்லை. நான் அழுதேன், சாப்பிடாமல் கிடந்தேன். “ரெண்டு பஸ் மாறியே போகட்டும், பஸ் காசு நான் பாத்துக்கிடுதேன்” என்றேன். “பரீச்சைன்னா பரீச்சைதான்” என்று முடித்துவிட்டார்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த அன்று எங்களுக்குக் கம்பெனி லீவு. அம்மா அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, காகிதத்தையும் பசைக் கிண்ணத்தையும் கம்பியையும் முன்னால் தள்ளினாள். அவளுக்கு அடுப்பில் வேலை இருந்தது.

“அக்காகிட்டக் கேட்டுக் கேட்டுச் செய்யிலே” என்றாள் எழுந்துகொண்டே. “அவளுக்கு எல்லாம் நல்லாத் தெரியும். அவ சொல்லுதபடி செஞ்சா தப்பே வராது.”

அவன் காகிதத்தை எடுத்தான். பசை தொட்டுத் தடவி, கம்பியில் சுற்றி, நாக்கைக் கடித்துக்கொண்டு மெதுவாக உருட்டினான். கம்பியை உருவி, முதல் குழாயை இரண்டு விரலால் தூக்கி என் முகத்துக்கு நேராக நீட்டினான்.

“இது சரியாக்கா?”