நடுவில் ஐம்பத்தெட்டு

திங்கட்கிழமை பகல் பதினொரு மணிக்கு யோகராஜ் மண்டபத்துக் குசினிக் கதவை உதைத்துத் திறந்தான். பின்னால் இன்னும் மூன்று பேர் வந்தார்கள். சனிக்கிழமை அங்கேதான் அவன் தங்கையின் கல்யாணச் சாப்பாடு நடந்தது. சாப்பிட்டவர்களில் பத்தொன்பது பேர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அவர்களில் அவனுடைய நாலு வயது மகளும் ஒருத்தி.

"கோழி சமைச்சது யாரு?"

தலைமைச் சமையல்காரர் கஜேந்திரன் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. கோழிப் பகுதியில் நின்ற ரஸீனைக் கைகாட்டினார்.

ரஸீன் வாயைத் திறப்பதற்குள் முதல் குத்து விழுந்தது. மூக்கிலிருந்து வந்த இரத்தம் வெள்ளைச் சட்டையில் வழிந்தது. இருவர் அவனைப் பிடித்து இறைச்சி வெட்டும் மேசையில் அழுத்தினார்கள். மூன்றாமவன் இரும்புக் கரண்டியால் அவன் முழங்கையில் ஓங்கி அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் அடுப்பு இரைச்சலையும் தாண்டிக் கேட்டது.

மீன் பகுதியில் வேலை செய்த சிந்துஜா தெல்தோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிறவள். சனிக்கிழமை நடந்ததை அவள் பார்த்திருந்தாள். ரஸீன் ஒவ்வொரு தட்டிலும் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து, எலும்பில் படாமல் தொடையின் தடித்த சதைக்குள் வெப்பமானியின் ஊசியைக் குத்தினான். எண் ஓடி நிற்கும்வரை காத்திருந்தான். எழுபத்தேழு பாகை. கோழிக்கு எழுபத்துநாலு போதும். ஊசியைக் கிருமிநாசினித் துணியால் துடைத்துத்தான் அடுத்த தட்டுக்குப் போனான். அவளுடைய மீன் நடுவில் அறுபத்தைந்து காட்டியது. மீனுக்கு அறுபத்துமூன்று போதும்.

பிழை நடந்தது கஜேந்திரனின் தட்டில். அரைத்த ஆட்டிறைச்சியை நாலு விரல் தடிப்புக்குப் பரப்பி அவர் ஓவன் அடுப்பில் வேகவைத்திருந்தார். ஊசியைத் தட்டின் அடி தட்டும்வரை இறக்கினார். எழுபத்தொன்பது என்று காட்டியது.

"செஃப், அது தட்டோட சூடு," என்று சொல்லி, சிந்துஜா ஊசியை நடுவுக்கு உயர்த்திப் பிடித்தாள். எண் இறங்கி இறங்கி ஐம்பத்தெட்டில் நின்றது. "எழுபத்தொண்ணு வரணும். அரைக்கிறப்ப மேல இருக்கிற கிருமி உள்ள எல்லாம் கலந்துரும். இன்னும் கொஞ்ச நேரம் வைங்க."

அவர் இடுக்கியால் அவள் மணிக்கட்டில் அடித்தார். "சனம் பந்தியில இருக்கு. வாயப் பொத்திக்கிட்டு இரு."

பதிவுத்தாளில் எழுபத்தொன்பது என்று எழுதிவிட்டுத் தட்டை வெளியே அனுப்பினார். வேலை போய்விடுமே என்ற பயத்தில் அவள் பேசாமல் இருந்துவிட்டாள்.

இப்போது ரஸீனின் தலை மேசையில் மோதியது. ஒருமுறை, இரண்டுமுறை. சிந்துஜா இடையில் பாய்ந்தாள். அவனுக்கு விழவேண்டிய கரண்டி அவள் தோளில் விழுந்தது. கண் இருண்டாலும் அவள் விலகவில்லை.

"கோழி இல்லங்க. அரைச்ச இறைச்சி. நடுவுல வேகல. நான் பார்த்தேன்."

"யாரு செஞ்சது?"

அவள் கஜேந்திரனைப் பார்த்தாள். பெயர் சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை.

யோகராஜ் அவரைக் கழுத்தைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினான். வாயில் மிதித்தான். பல் தரையில் தெறித்தது. "எம் புள்ள ரத்தமா போகுதுடா," என்று சொல்லிச் சொல்லி மிதித்தான். சிந்துஜா நின்று பார்த்தாள். நல்லா வாங்கட்டும் என்று அவள் மனம் சொன்னது. அப்படிச் சொன்னது அவளுக்கே தெளிவாகக் கேட்டது. கஜேந்திரனின் கை தரையில் துழாவி எதையோ பிடிக்கப் பார்த்து, பிடிக்காமல் ஓய்ந்தபோதுதான் அவள் அசைந்தாள். யோகராஜின் இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்தாள்.

"விடுங்கண்ணே. இவரு செத்து நீங்க ஜெயிலுக்குப் போனா ஒங்க புள்ளைய யாரு பாக்குறது? சனிக்கிழமச் சாப்பாட்டுல ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் மாதிரிக்கு எடுத்து ஐஸ்பெட்டியில வச்சிருக்கு. சுகாதாரப் பரிசோதகர்கிட்ட குடுப்போம். நான் சாட்சி சொல்றேன்."

அவன் மூச்சு வாங்கியபடி சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். அழுதான்.

பொலிஸ் வந்தது. யோகராஜையும் கூட வந்தவர்களையும் கொண்டுபோனது. மாதிரிகளில் அரைத்த இறைச்சியில் மட்டும் கிருமி இருந்ததாக அறிக்கை வந்தது. கஜேந்திரனின் தாடையில் கம்பி வைத்துக் கட்டினார்கள். அவர்மீதும் வழக்கு விழுந்தது. சிறுமி எட்டாம் நாள் வீடு திரும்பினாள்.

ரஸீனின் கை நேராகவில்லை. சிந்துஜா பழங்களோடு அவனைப் பார்க்கப் போனாள். அவன் மனைவி நப்லா கதிரையை இழுத்துப் போட்டாள்.

"ரஸீன் நானா, அன்னைக்கே தட்டத் தடுத்திருக்கணும். மன்னிச்சிருங்க."

அவன் கட்டுப்போட்ட கையை மடியில் நகர்த்தி வைத்தான்.

"தடுத்திருக்கத்தான் வேணும் தங்கச்சி," என்றான்.

நப்லா தேநீர் கொண்டுவந்து வைத்தாள். சிந்துஜா அதை முழுவதும் குடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.